திறந்தபடியே களவுபோன லேப்டாப்: முதல் ஒரு மணி நேரத்தில் செய்ததும் தவறவிட்டதும்

பின்னணி

ஃப்ரீலான்ஸாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிற ஒருவர், என்னோடு முன்பு ஒரே அலுவலகத்தில் இருந்தவர். நூலகத்தின் வாசிப்பு அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விண்டோஸ் 11 லேப்டாப். நெட் இணைப்பு தன் போனின் ஹாட்ஸ்பாட்டிலிருந்து. குரோமில் ஜிமெயில், ஒரு பழைய மெயில், வாட்ஸ்அப் வெப், ஒரு கிளையன்ட் கொடுத்திருந்த ஆபீஸ் மெயில், ஒரு ஷாப்பிங் தளம் என ஒரு வரிசை டேப்கள் திறந்திருந்தன. பாஸ்வேர்டுகள் எல்லாம் குரோமிலேயே சேமிப்பு, அதுவும் போனுக்கும் லேப்டாப்புக்கும் சிங்க் ஆகும்படி.

மாலை 3:40க்கு ஒரு அழைப்பு வந்தது. அறைக்குள் பேசக்கூடாது என்பதால் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். 3:47க்குத் திரும்பி வந்தபோது மேசையில் சார்ஜரும் நோட்டுப் புத்தகமும் மட்டும் இருந்தன.

போகும்போது மூடிவிட்டுப் போனாரா, லாக் செய்தாரா? இரண்டும் இல்லை. திரை தானாக அணைய 10 நிமிடம் வைத்திருந்தார், அவர் வெளியே இருந்ததோ 7 நிமிடம். ஆக, எடுத்தவர் கைக்குப் போனபோது லேப்டாப் திறந்தே இருந்தது. இதற்குப் பின் எடுத்த ஒவ்வொரு முடிவும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

3:47 முதல் 3:56 வரை

அவர் எனக்குப் போன் செய்தது 3:56க்கு. இடையில் சும்மா இருக்கவில்லை, பதற்றத்தில் எது முதலில் தோன்றியதோ அதைச் செய்திருந்தார். பேங்க் பாஸ்வேர்டை மாற்றினார், பிறகு ஷாப்பிங் தளத்தின் பாஸ்வேர்டை மாற்றினார். இரண்டும் போனில் இருந்த குரோம் வழியாக.

"அண்ணா, பேங்க்கையும் ஷாப்பிங்கையும் மாத்திட்டேன், அடுத்து எது?" என்றார்.

"மாத்தினப்போ குரோம் சேவ் பண்ணவான்னு கேட்டிருக்குமே, என்ன பண்ணின?"

"சேவ் கொடுத்துட்டேன்."

சிக்கல் இங்கேதான். திருடுபோன லேப்டாப்பின் குரோமில் அவருடைய கூகுள் கணக்கு இன்னும் உள்ளே இருக்கிறது. போனில் சேமித்த புதிய பாஸ்வேர்டு கூகுளுக்குப் போய், அங்கிருந்து சிங்க் வழியாக அந்த லேப்டாப்புக்கும் இறங்கும். திருடுபோனதால் மாற்றிய பாஸ்வேர்டு, திருடியவர் கையில் இருக்கும் மெஷினுக்கே போய்ச் சேரும். லேப்டாப் அடுத்து நெட்டில் வரும்போது இது தானாக நடந்துவிடும், யாரும் எதையும் உடைக்க வேண்டியதில்லை.

அவரைக் குறை சொல்லவில்லை. காசு இருக்கிற இடத்தைத்தான் யாரும் முதலில் பூட்டுவார்கள். எனக்கு இது தோன்றியதற்குக் காரணம், வேறொரு சமயத்தில் நானே இதே தப்பைச் செய்திருக்கிறேன்.

நெட்டில் இருக்கிறதா இல்லையா

அடுத்து ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். இணைந்திருக்கும் சாதனங்கள்: 0. ஒன்று, மூடி மூடப்பட்டு லேப்டாப் தூங்கிவிட்டது. இல்லையென்றால் ஹாட்ஸ்பாட் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அது இப்போதைக்கு நெட்டில் இல்லை.

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நெட் இல்லாததால் திறந்திருக்கும் செஷன்களை இந்த நிமிடம் யாரும் பயன்படுத்த முடியாது, சேமித்த புதிய பாஸ்வேர்டுகளும் இன்னும் இறங்கியிருக்காது. ஆனால் நாம் அனுப்பும் லாக் கட்டளையும் அதைப் போய்ச் சேராது. லேப்டாப்பில் கிடக்கும் கோப்புகளைப் பார்க்க நெட்டே தேவையில்லை.

மூடியை மூடித் திறந்தால் பின் நம்பர் கேட்குமா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். சேமிப்பகம் பிட்லாக்கரால் என்க்ரிப்ட் ஆகியிருந்தது, ஆனால் அது மெஷின் அணைந்திருக்கும்போதும் லாக் ஆகியிருக்கும்போதும்தான் காக்கும். திறந்து கிடக்கும் மெஷினில் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். எனவே லேப்டாப் திறந்தே இருக்கிறது, அடுத்த வைஃபை கிடைத்ததும் எல்லா டேப்களும் உயிரோடு வரும் என்று வைத்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தோம்.

ரிமோட் லாக், 4:00

போனின் பிரவுசரில் `account.microsoft.com/devices` திறந்தார். நல்லவேளையாக `Find my device` முன்பே ஆன் செய்யப்பட்டிருந்தது. களவு போன பிறகு வெளியிலிருந்து அதை ஆன் செய்ய வழி கிடையாது. கடைசியாகக் காணப்பட்ட நேரம் 3:31 என்று காட்டியது, இடமும் அதே நூலகம்தான். `Lock` கொடுத்தார்.

இந்த லாக் என்ன செய்யும் என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. உள்ளே இருக்கும் பயனரை வெளியேற்றி, லாகின் திரையைக் கொண்டுவந்து, நாம் எழுதிய செய்தியைக் காட்டும். எதையும் அழிக்காது. சொந்தக் கணக்கில் இருக்கும் விண்டோஸ் மெஷினை இந்தப் பக்கத்திலிருந்து அழிக்கவும் முடியாது. லேப்டாப் நெட்டில் வந்தால்தான் கட்டளை போய்ச் சேரும், அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். எனவே லாக் கொடுத்ததும் ஒரு பாரம் இறங்கியது போலத் தோன்றினாலும், அந்த நிமிடத்தில் உண்மையில் எதுவுமே பூட்டப்படவில்லை.

செய்தியில் தன் நம்பரைப் போடப் போனார், வேண்டாம் என்றேன். ஓடிபி வருகிற நம்பர் அது. லேப்டாப் கையில் இருப்பவருக்கு அது யாருடையது என்று நாமே சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய தம்பியின் நம்பரைப் போட்டோம்.

அதே பக்கத்தில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. பட்டியலிலிருந்து இந்த லேப்டாப்பையே நீக்கிவிட்டால் எடுத்தவரால் எதுவும் செய்ய முடியாது என்று நினைத்து, அதற்கான பொத்தான் மேல் விரலையே வைத்துவிட்டார். நீக்கினால் எடுத்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இடத்தைப் பார்ப்பதும் லாக் செய்வதும்தான் நம் கையை விட்டுப் போகும். நீக்காமல், விவரங்களில் இருந்த சீரியல் நம்பரை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டார். பிறகு காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது முதலில் கேட்டதே அந்த நம்பரைத்தான்.

செஷன்கள், 4:06

பாஸ்வேர்டைத் தொடும் முன் செஷன்களை மூடினோம். பாஸ்வேர்டு என்பது வாசலில் ஒரு முறை காட்டும் சீட்டு. உள்ளே விட்ட பிறகு தளம் அதைக் கேட்பதில்லை, பிரவுசரில் வைத்திருக்கும் குக்கீயைத்தான் பார்க்கிறது. அதனால் பாஸ்வேர்டை மாற்றினால் உள்ளே இருப்பவர் வெளியேறுவாரா என்பது தளத்துக்குத் தளம் மாறும்.

முதலில் கூகுள். `myaccount.google.com/device-activity` பக்கத்தில் விண்டோஸ் என்று இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று இன்றையது, மற்றொன்று சில மாதங்களுக்கு முந்தையது. இரண்டும் ஒரே மெஷினா, பழைய அலுவலகக் கணினியா என்று அவருக்கு நினைவில்லை. யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை, இரண்டையும் சைன் அவுட் செய்யச் சொன்னேன். சைன் அவுட் ஆனதும் சிங்க் நின்றது. அதற்குப் பிறகுதான் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினார். இந்த முறை குரோமில் சேமிக்காமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எழுதி வைக்காதே என்று சொல்லி வளர்த்த தலைமுறைதான் நாம், ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பையில் மடித்து வைத்த தாளை விடப் பாதுகாப்பான இடம் எனக்குத் தோன்றவில்லை.

பாஸ்வேர்டை மாற்றினாலே கூகுள் பெரும்பாலான இடங்களில் வெளியேற்றிவிடும். ஆனால் நாம்தான் என்று உறுதி செய்யப் பயன்படும் சாதனங்களை அது விட்டுவைக்கக்கூடும். அதனால்தான் கையால் சைன் அவுட் செய்தோம். கூடவே இரண்டடுக்குச் சரிபார்ப்புப் பக்கத்தில், நம்பகமான சாதனங்கள் என்று குறித்திருந்ததை நீக்கினோம். இந்தக் கணினியில் மறுபடி கேட்க வேண்டாம் என்று எப்போதோ டிக் அடித்திருப்போமே, அதுதான்.

இடையில் அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

"அண்ணா, பேக்கப் கோட் பத்தும் டெஸ்க்டாப்புல ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கு."

போன் தொலைந்தால் உதவும் என்று எடுத்து வைத்தவை, லேப்டாப்பில். புதிதாகப் பத்து எடுத்தால் பழைய பத்தும் செல்லாமல் போய்விடும். அதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்கு அது நினைவுக்கு வந்திருக்காவிட்டால் நான் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்டே கிடையாது. போனில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதியைத் திறந்து, அந்தப் பதிவைத் தட்டி வெளியேற்றினார். மைக்ரோசாஃப்ட் கணக்கில் எல்லா இடத்திலிருந்தும் வெளியேறும் வசதி உண்டு. ஆனால் அது முழுதாக நடக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்று அந்தப் பக்கமே சொல்கிறது. கொடுத்து வைத்தோம், நம்பி இருக்கவில்லை.

143 பாஸ்வேர்டில் எவை, 4:18

குரோமில் சேமித்திருந்தவை 143. சேமித்த பாஸ்வேர்டைக் கண்ணால் பார்க்க விண்டோஸ் பின் கேட்கும். ஆனால் ஒரு தளத்தின் லாகின் பக்கத்துக்குப் போனால், பின் எதுவும் கேட்காமல் தானாகவே நிரப்பிக் கொடுக்கும். கூகுளிலிருந்து சைன் அவுட் செய்தாலும் ஏற்கெனவே லேப்டாப்பில் இருப்பவை அங்கேயேதான் இருக்கும். எனவே 143ம் போனதாகவே கணக்கு. ஒரு மணி நேரத்தில் அத்தனையையும் மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை.

எதை வைத்து இன்னொன்றைத் திறக்க முடியும் என்ற ஒரே கேள்வியை வைத்துப் பிரித்தோம்.

கூகுள் முடிந்தது. அடுத்தது அந்தப் பழைய மெயில். அதை அவர் அதிகம் பார்ப்பதில்லை, விளம்பரங்கள்தான் வரும். ஆனால் ஜிமெயிலுக்கு மீட்பு முகவரியாகக் கொடுத்திருந்தது அதைத்தான், அதுவும் லேப்டாப்பில் திறந்திருந்தது. புது பாஸ்வேர்டு, புது கோட் என்று ஜிமெயிலை எவ்வளவு இறுக்கினாலும், மீட்புக் கோரிக்கை போய்ச் சேரும் மெயில் அடுத்தவர் கையில் இருந்தால் பின்வாசல் திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். பாஸ்வேர்டை மாற்றி, எல்லா செஷனையும் மூடி, மெயில்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தோம். எதுவும் இல்லை.

மூன்றாவது மைக்ரோசாஃப்ட். லாக் கட்டளையே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அது போதாதென்று, பிட்லாக்கர் மீட்புச் சாவியும் அங்கேதான் சேமிக்கப்பட்டிருந்தது. அந்தக் கணக்குக்குள் நுழைபவர் லாக்கையும் எடுக்கலாம், என்க்ரிப்ஷனையும் திறக்கலாம். ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும்: மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டை மாற்றினாலும் லேப்டாப்பின் பின் மாறாது. பின் அந்த மெஷினோடு கட்டிப்போட்டது, மேசைக்கு எதிரே உட்கார்ந்து அதைக் கவனித்திருந்தவருக்கு அது அப்படியே வேலை செய்யும்.

நான்காவது மொபைல் நிறுவனத்தின் கணக்கு. சிம் சம்பந்தமான கோரிக்கைகளை அங்கிருந்து வைக்க முடியும், ஓடிபி எல்லாம் அந்த சிம்முக்குத்தான் வருகிறது.

ஐந்தாவதாகத்தான் பேங்க். முதலில் மாற்றியதை மறுபடி மாற்றினார், சேமிக்காமல். பேங்க் கடைசிக்கு வந்ததில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறைதான். ஆனால் பேங்க் செஷன் சில நிமிடம் தொடாமல் இருந்தாலே தானாக முடிந்துவிடும், பணம் அனுப்ப ஓடிபியும் வேண்டும், அது வருகிற போன் அவர் கையில்தான் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, கார்டு சேமித்து வைத்த தளங்கள் மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவைக்கும். அந்த வகையில் மூன்று தளங்கள் இருந்தன, மூன்றின் பாஸ்வேர்டையும் மாற்றினோம். அங்கேதான் நான் ஒன்றைத் தவறவிட்டேன். அது பின்னால் வருகிறது.

கிளையன்ட், 4:41

கிளையன்ட் கொடுத்திருந்த ஆபீஸ் மெயிலை அவரால் முழுதாகப் பூட்ட முடியாது, அது அவர்களுடைய நிர்வாகத்தில் இருக்கிறது. முதலிலேயே சொல் என்று நான் சொன்னது 4:10க்கு. அவர் சொன்னது 4:41க்கு. கூச்சம்தான் காரணம். இனிமேல் வேலை தருவார்களா என்ற பயமும் இருந்தது.

அவர்களுடைய ஐடி ஆள் ஐந்து நிமிடத்தில் கணக்கை முடக்கி, செஷன்களையும் ரத்து செய்துவிட்டார். ஆனால் உள்ளே இருக்க ஏற்கெனவே கொடுக்கப்பட்ட அனுமதி டோக்கன்கள் சில சமயம் ஒரு மணி நேரம் வரைகூடத் தாக்குப்பிடிக்கும் என்று எச்சரித்தார். அந்த 31 நிமிடத் தாமதம் எங்கே போய் முட்டியிருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. லேப்டாப் நெட்டில் இல்லாததால் அன்று அது வினையாகவில்லை. எந்தெந்தக் கோப்புகள் லேப்டாப்பில் இருந்தன என்று கேட்டார்கள். நினைவிலிருந்து ஒரு பட்டியல் எழுதி அனுப்பினார்.

4:50க்கு நிறுத்தினோம். அவர் புகார் கொடுக்கப் போனார்.

இரவு 9:44

லேப்டாப் நெட்டில் வந்தது இரவு 9:44க்கு. மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் கடைசியாகக் காணப்பட்ட நேரம் மாறியதைப் பிறகு பார்த்துத்தான் இது தெரியும். 9:46க்கு அவருடைய போனுக்கு ஓர் ஓடிபி வந்தது: ஷாப்பிங் தளத்தில், சேமித்த கார்டில், ஒரு போன் வாங்குவதற்கு.

அந்தத் தளத்தின் பாஸ்வேர்டை அன்று இரண்டு முறை மாற்றியிருந்தோம். ஆனால் பாஸ்வேர்டை மாற்றினாலும் அது பழைய செஷன்களைத் தானாக மூடுவதில்லை. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பது கணக்கு அமைப்புகளில் தனியாக, வேறொரு பக்கத்தில் இருந்தது. கூகுளில் செஷன் முதலில், பாஸ்வேர்டு பிறகு என்று அத்தனை அழுத்திச் சொன்ன நான், இங்கே பாஸ்வேர்டு மாறியதும் முடிந்தது என்று அடுத்ததற்குப் போய்விட்டேன். நேரம் ஆக ஆக அவசரம் கூடியதுதான் காரணம், வேறு சாக்கு இல்லை.

ஓடிபி போனில் இருந்ததால் பணம் போகவில்லை. அவர் உடனே போனிலிருந்து எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றி, சேமித்த கார்டையும் நீக்கினார். கணக்கில் புதிதாக ஒரு டெலிவரி முகவரி சேர்க்கப்பட்டிருந்தது. அதை நீக்கும் முன் படம் எடுத்துப் புகாரோடு சேர்த்தார். 9:58க்குப் பார்த்தபோது லேப்டாப் லாக் ஆகிவிட்டதாக மைக்ரோசாஃப்ட் பக்கம் காட்டியது. அதாவது லாக் வேலை செய்தது, ஆனால் திறந்திருந்த ஒரு டேப் அதை முந்திக்கொண்டது.

அதற்குப் பிறகு எந்த அசைவும் இல்லை. லேப்டாப் இதுவரை கிடைக்கவில்லை.

மாற்றிச் செய்வதென்றால்

அந்த மணி நேரத்தைத் திரும்பக் கொடுத்தால், கிளையன்டுக்குச் சொல்வதைத்தான் நான் முதலில் வைப்பேன், லாக்குக்கும் முன்பாக. மற்ற எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ளலாம், அது ஒன்று மட்டும் அடுத்தவர் செய்ய வேண்டியது. அவர்கள் அங்கே வேலை செய்யும்போதே நாம் இங்கே லாக்கையும் கூகுளையும் பார்த்திருக்கலாம். அப்புறம் கார்டு உள்ள தளங்களில் பாஸ்வேர்டுக்கு முன் கார்டையே நீக்கச் சொல்வேன். நீக்க அரை நிமிடம்தான் ஆகும், எந்தத் தளம் செஷனை மூடுகிறது, எது மூடுவதில்லை என்று நினைவில் வைத்திருக்கவும் வேண்டியதில்லை.

அவர் மாற்றிய பழக்கங்கள் சில. எழுந்தால் விண்டோஸ் கீயும் L-ம். மறந்துவிட்டால் உதவ, புதிய லேப்டாப்பில் `Dynamic lock` ஆன் செய்திருக்கிறார். போனோடு ப்ளூடூத்தில் இணைத்து வைத்தால், போன் விலகிப் போய்ச் சிறிது நேரத்தில் லேப்டாப் தானாக லாக் ஆகிவிடும். போனை எடுத்துக்கொண்டு வெளியே போன அன்றைய நிலைமைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வசதி. ஆனாலும் லாக் ஆக ஒரு நிமிடம் போலப் பிடிக்கும் என்பதால், பக்கத்திலேயே காத்திருப்பவரிடம் அது தோற்கலாம். பேக்கப் கோட்கள் இப்போது வீட்டில் ஒரு தாளில். பாஸ்வேர்டுகள் குரோமிலிருந்து தனி மேனேஜருக்குப் போய்விட்டன, ஐந்து நிமிடம் தொடாவிட்டால் அது பூட்டிக்கொள்ளும்.

143-இல் அந்த ஒரு மணி நேரத்தில் மாற்றியவை 8. அடுத்த மூன்று நாளில் 50 சொச்சம். மீதியில் பல அவர் கணக்கு வைத்திருப்பதையே மறந்துபோன தளங்கள். அவற்றில் எதிலும் கார்டு இல்லை என்று மட்டும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பத்தாக மூடிக்கொண்டிருக்கிறார்.